மெயிலில் எழுத இரண்டு விருந்தினர்கள்

மதுரைப் பையன்:
கேட்டரிங் முடித்து எட்டு மாதம் ஆகிறது. ஒரு ஹோட்டல் குழுமத்துக்கு ஃப்ரண்ட் ஆபீஸ் வேலைக்கு மெயில் அனுப்பினேன், பதிலே இல்லை. இன்னொரு குழுமத்திலிருந்து போனில் கூப்பிட்டார்கள். இரண்டே நிமிடம்தான் பேசினார்கள். என் மெயிலில் ஒரு வரி இருந்தது: "டிரெய்னிங்கின்போது ஒரு வயதான தம்பதிக்கு அறையை அப்கிரேட் செய்து கொடுத்து மகிழ்வித்தேன்." போனில் பேசிய அம்மா கேட்ட ஒரே கேள்வி, "யார் அப்ரூவ் பண்ணாங்க?" நான் திணறிவிட்டேன். கொடுத்தது ட்யூட்டி மேனேஜர், நான் பக்கத்தில் சாவியைப் பிடித்துக்கொண்டு நின்றேன், அவ்வளவுதான்.

இப்போது மூன்றாவது குழுமத்துக்கு எழுதப் போகிறேன். டிபார்ட்மென்ட் பெயர்களையும் விருந்தினர் சேவை உதாரணங்களையும் எப்படி எழுதினீர்கள்? உங்களுக்கு என்ன நடந்தது என்று சொல்லுங்கள்.

காலை ஃப்ளைட்:
எனக்கும் ஒரு ஹோட்டலோடு மெயில் சண்டை நடந்தது. காலை 7 மணிக்குப் போய் இறங்கினால் அறை மதியம் 2 மணிக்குத்தான் என்றார்கள். குளிக்கக்கூட இடம் இல்லை. விடாமல் மூன்று மெயில் போட்டேன், கடைசியில் மன்னிப்புக் கடிதம் வந்தது. தம்பி, தேதி, நேரம், பில் நம்பர் எல்லாம் போட்டு எழுதுங்கள், பதில் வரும்.

மதுரைப் பையன்:
சார், நான் விருந்தினர் இல்லை, வேலை கேட்கிறவன். ஆனால் உங்களை மாதிரி ஒருவரிடம் காலை 7 மணிக்கு ரிசப்ஷனில் மாட்டிக்கொண்ட கதை என்னிடமும் உண்டு.

நைட் ஆடிட்:
நான் 19 வருடம் ஃப்ரண்ட் ஆபீஸில் இருந்தேன், அதில் ஆறு வருடம் ஆள் எடுக்கும் பக்கத்தில். ஒரு மெயிலுக்கு அரை நிமிடம் கிடைத்தால் பெரிது. "நான்கு முக்கியத் துறைகளிலும் பயிற்சி பெற்றேன்" என்ற வரி எல்லார் மெயிலிலும் இருக்கும், கண் அதைத் தாண்டிப் போய்விடும். ஃப்ரண்ட் ஆபீஸ் என்றால் எந்த இடம்? பெல் டெஸ்க்கா, ரிசப்ஷனா, ரிசர்வேஷனா, டெலிஃபோனா? ஆறு வாரமும் பெட்டி தூக்கியவனும் ஃப்ரண்ட் ஆபீஸ் ஆறு வாரம் என்றுதான் எழுதுகிறான். பெட்டி தூக்கியது குறையே இல்லை. லாபியில் யார் எரிச்சலோடு வருகிறார் என்று முதலில் தெரிவது பெல் பாய்க்குத்தான். ஆனால் அதை எழுத வேண்டும்.

ஹோட்டலில் எத்தனை அறை என்பதும் முக்கியம். 40 அறை ஹோட்டலில் ரிசப்ஷன் பையனே ரிசர்வேஷன் போனையும் எடுப்பான். 300 அறையில் அவன் அந்தப் பக்கமே போயிருக்க மாட்டான்.

தாளிப்பு:
நான் கிச்சன் ஆள். என் யோசனை: ஃப்ரண்ட் ஆபீஸுக்குப் போகிறாய் என்றால் கிச்சனையும் ஹவுஸ்கீப்பிங்கையும் எடுத்துவிடு. சம்பந்தமில்லாததை எதற்கு எழுத வேண்டும்? நான் கிச்சனில் கமி என்ற முதல்படி வேலைக்கு எழுதியபோது கிச்சனை மட்டும்தான் எழுதினேன், கிடைத்தது.

லினன் ரூம்:
தாளிப்பு தம்பி, கமிக்கு அது சரி. ரிசப்ஷனுக்கு அப்படி இல்லை. "ரூம் ரெடியா?" என்று நிமிடத்துக்கு ஒருமுறை ஹவுஸ்கீப்பிங்குக்குப் போன் போடுகிறவன் யாரென்று பார்த்தால், ஒரு செக்-அவுட் அறையைத் தன் கையால் சுத்தம் பண்ணாதவனாகத்தான் இருப்பான். நாலையும் எழுது, ஆனால் ஒரே அளவில் எழுதாதே. போகிற இடத்துக்கு அதிகம், மற்றதுக்கு ஒரு வரி போதும். அப்புறம், டிரெய்னி ஒருத்தன் "ஒரு ஷிஃப்டுக்கு 16 அறை செய்தேன்" என்று எழுதியிருந்தான். எங்கள் ரூம் பாய்களே 14, 16தான் செய்வார்கள். சிரித்துவிட்டு அடுத்த மெயிலுக்குப் போய்விட்டேன்.

நைட் ஆடிட்:
தம்பி, அந்த அப்கிரேடை விடு. நீயே செய்த ஒன்றைச் சொல். சின்னதாக இருக்கட்டும்.

மதுரைப் பையன்:
ஒன்று இருக்கிறது. ரிசப்ஷனில் மூன்றாவது வாரம். ஒரு பெரியவர் வந்து இரண்டாவது சாவி அட்டை கேட்டார். கூட யாராவது தங்குகிறார்களா என்று கேட்டேன். இல்லையாம். வெளியே போகும்போது ஒரு அட்டையை ஸ்லாட்டிலேயே விட்டுவிட்டுப் போக வேண்டுமாம். எதற்கு என்று கேட்டதும் தயங்கிவிட்டுச் சொன்னார்: ஃப்ரிட்ஜில் இன்சுலின் இருக்கிறது, அட்டையை எடுத்தால் ஃப்ரிட்ஜும் நின்றுவிடுகிறது.

சாவி கொடுக்க எனக்கு அனுமதி கிடையாது, சீனியரிடம் சொன்னேன். அவர் இன்ஜினியரிங்கில் கேட்டார். அந்த மாடியில் பழைய வயரிங், மினிபார் ஃப்ரிட்ஜும் அதே லைனில்தான் என்றார்கள். அட்டை உள்ளேயே இருந்தால் ஏசி நாள் முழுக்க ஓடும் என்று ஒரு முனகல் வேறு. நான் கிச்சனிலிருந்து தெர்மாமீட்டர் வாங்கிப் போய் ஃப்ரிட்ஜில் வைத்துப் பார்த்தேன். அட்டை ஸ்லாட்டில் இருந்தும் 11 டிகிரி.

நைட் ஆடிட்:
நிறைய அறைகளில் இருப்பது சத்தம் போடாத ரக மினிபார், கம்ப்ரெசர் இருக்காது. கூல்டிரிங்ஸுக்குப் போதும், மருந்துக்குப் போதாது. இரண்டாவது சாவி கொடுத்து அனுப்பியிருந்தால் எல்லாரும் திருப்தியாகப் போயிருப்பீர்கள், மருந்து கெட்டிருக்கும். மேலே சொல்.

தாளிப்பு:
இன்சுலினை வெளியிலேயே வைக்கலாமே? என் அப்பா பையில்தான் வைத்திருப்பார்.

மதுரைப் பையன்:
ஊசி போட்டுக்கொண்டிருக்கும் இன்சுலின் பேனாவை வெளியில் வைத்திருந்தார் அண்ணா. பிரிக்காத நான்கு பேனா இருந்தது, அவை 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்று மருந்துப் பெட்டியிலேயே போட்டிருந்தது. பெல் டெஸ்க்கில் ஒருவர் ஐஸ் பக்கெட் கொடுக்கலாம் என்றார். உறைந்துவிட்டால் தூக்கிப் போட வேண்டியதுதான் என்று பெரியவரே மறுத்துவிட்டார்.

கடைசியில் ரூம் சர்வீஸ் பேன்ட்ரி ஃப்ரிட்ஜில் 4 டிகிரி இருந்தது. செஃப் முதலில் சாப்பாட்டு ஃப்ரிட்ஜில் மருந்தா என்றார். மூடி போட்ட டப்பாவில், சீல் ஒட்டி, மேல் தட்டில் தனியாக என்றதும் சரி என்றார். பெரியவரிடம் கையெழுத்து வாங்கி லாக் புக்கில் எழுதினேன். மறுநாள் இரவு பழைய பேனா முடிகிறது என்றார், அதனால் இரவு 7.30க்கு ஒரு பேனாவை அறைக்குக் கொண்டுபோக வேண்டும் என்றும் எழுதினேன். மறுநாள் என் ஷிஃப்ட் இல்லை, இருந்தவர் லாக் புக்கைப் பார்க்கவில்லை. பெரியவர் சாப்பிடாமல் கால் மணி நேரம் காத்திருந்தார். அதற்கப்புறம் ரூம் சர்வீஸ் போர்டிலும் எழுதி வைத்தேன், தங்கிய மற்ற நாட்களில் தவறவில்லை.

நைட் ஆடிட்:
இதை வைத்துக்கொண்டா அப்கிரேட் கதை எழுதினாய்! அந்தக் கால் மணி நேரத்தையும் சேர்த்து எழுது.

லினன் ரூம்:
எனக்கு அது சரியாகப் படவில்லை. வேலை கேட்கிற மெயிலில் ஹோட்டலின் தவறை எதற்குச் சொல்ல வேண்டும்? பழைய இடத்தைக் குறை சொல்கிறவன் என்றுதான் எச்ஆர் பார்ப்பார்கள். நேரில் கேட்டால் சொல்லட்டும்.

நைட் ஆடிட்:
தன் குறிப்பு எங்கே போய்ச் சேரவில்லை என்று தெரிந்தவன் என்றுதான் நான் பார்ப்பேன். எச்ஆர் வேறு மாதிரி பார்க்கலாம், மறுக்கவில்லை.

ஒன்று மட்டும் கண்டிப்பு: விருந்தினர் பெயர், அறை எண், ஊர், தேதி எதுவும் வேண்டாம். ஒரு பையன் ஒரு நடிகரின் பெயரோடு, எந்த மாடியில் தங்கினார், என்ன சாப்பிட்டார் என்று எழுதியிருந்தான். நாளைக்கு எங்கள் ஹோட்டல் கதையையும் வேறு யாருக்கோ எழுதுவான் என்று அங்கேயே மூடிவிட்டேன்.

தாளிப்பு:
அப்படியானால் இன்சுலின் என்பதும் ஒருத்தரின் உடம்பு விஷயம்தானே?

நைட் ஆடிட்:
நல்ல கேள்வி. பெயர், இடம் இல்லாதபோது பரவாயில்லை என்று நினைக்கிறேன். குளிரில் வைக்க வேண்டிய மருந்து என்று பொதுவாக எழுதினாலும் கதை கெடாது.

தாளிப்பு:
எனக்கும் ஒன்று நினைவு வருகிறது. டிரெய்னிங்கில் ஒரு ஸ்டூவர்டு ஓடி வந்து, குருமாவில் முந்திரி இருக்கா, ஒரு அம்மாவுக்கு அலர்ஜி என்றான். மேலே தூவவில்லை, இல்லை என்று சொல்லப் போனேன். டெமி செஃப் தடுத்தார். வெள்ளை கிரேவியே முந்திரி விழுதுதான், கண்ணுக்குத் தெரியாது. வேறு சட்டி, வேறு கரண்டியில் தக்காளி குருமா செய்து அனுப்பினோம், ஆர்டர் சீட்டிலும் அலர்ஜி என்று எழுதினோம். இதுவும் விருந்தினர் சேவைதானே? கிச்சன்காரன் விருந்தினரின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லையே என்று நான் எழுதவே இல்லை.

லினன் ரூம்:
பார், அதற்குத்தான் கிச்சனை எடுக்காதே என்றேன். தம்பி ஆர்டர் எடுக்கிற இடத்தில் இருந்தால் இதே கேள்வி அவனிடம்தான் வரும்.

மதுரைப் பையன்:
நேற்று இரவு உட்கார்ந்து எழுதி அனுப்பிவிட்டேன். ஆங்கிலத்தில்தான் அனுப்பினேன், நடுப்பகுதியை மட்டும் தமிழில் தருகிறேன்:

"92 அறைகள் கொண்ட ஒரு பிசினஸ் ஹோட்டலில் 20 வாரம் டிரெய்னிங் முடித்தேன். ஃப்ரண்ட் ஆபீஸில் 7 வாரம்: முதல் 3 வாரம் பெல் டெஸ்க், அடுத்த 4 வாரம் ரிசப்ஷன். தனியாக செக்-இன் செய்யவில்லை. பதிவு அட்டை நிரப்புவது, அடையாள அட்டை நகல் எடுப்பது, வெளிநாட்டு விருந்தினர் வந்த 24 மணி நேரத்துக்குள் அனுப்ப வேண்டிய சி-ஃபார்முக்கு விவரம் தயார் செய்வது என் வேலை. ஹவுஸ்கீப்பிங்கில் 4 வாரம். கடைசி வாரத்தில் ஒரு ஷிஃப்டுக்கு 5 அறைகளை நானே முடித்தேன், சூப்பர்வைசர் சரிபார்த்தார். சர்வீஸில் 5 வாரம், பெரும்பாலும் காலை பஃபேயும் ரூம் சர்வீஸ் ஆர்டரும். கிச்சனில் 4 வாரம்.

"ஒரு விருந்தினர் இரண்டாவது சாவி கேட்டார். காரணம் கேட்டபோது, குளிரில் வைக்க வேண்டிய மருந்துக்காக என்று தெரிந்தது. அறை ஃப்ரிட்ஜில் 11 டிகிரி இருந்ததைப் பார்த்து சீனியரிடம் சொன்னேன். அவரும் செஃப்பும் அனுமதித்த பிறகு பேன்ட்ரியில் சீல் வைத்த டப்பாவில் வைத்தோம். மறுநாள் இரவு என் லாக் புக் குறிப்பு அடுத்த ஷிஃப்டின் கண்ணில் படவில்லை, அவர் 15 நிமிடம் காத்திருக்க நேர்ந்தது. அதன் பிறகு அதே குறிப்பை ரூம் சர்வீஸ் போர்டிலும் எழுதினேன்."

இரண்டாவது உதாரணம் காலை 7 மணிக்கு வந்தவர். அறை இல்லை என்பதோடு நிறுத்தாமல், பெட்டியை வாங்கி வைத்து, ஜிம் குளியலறையைக் காட்டி, அறை தயாரானதும் போன் செய்தேன், 10.40க்கு. அதை நான்கே வரியில் முடித்துவிட்டேன்.

காலை ஃப்ளைட்:
ஜிம்மில் குளிக்கலாமா? எனக்கு யாருமே சொல்லவில்லையே!

லினன் ரூம்:
கால் மணி நேரத்தை எழுதியே விட்டாயா. சரி. எங்கே அனுப்பினாய், தலைமை அலுவலகத்துக்கா?

மதுரைப் பையன்:
அங்கேயும், கோவையில் உள்ள அவர்களுடைய ஹோட்டலின் எச்ஆருக்கும். அக்கா, கோவையிலிருந்து இன்று மதியமே பதில் வந்துவிட்டது. ஃப்ரண்ட் ஆபீஸில் இப்போது இடம் இல்லையாம். ஹவுஸ்கீப்பிங்கில் டெஸ்க் அட்டெண்டன்ட் வேலை இருக்கிறது, ஆறு மாதம் கழித்து மாற்றுவதைப் பரிசீலிக்கிறோம் என்கிறார்கள். போகலாமா?

நைட் ஆடிட்:
"பரிசீலிக்கிறோம்" என்பது மெயிலில் எழுத்தில் இருக்கிறதா, போனில் சொன்னார்களா?

மதுரைப் பையன்:
போனில்தான் சொன்னார்கள் அண்ணா.

லினன் ரூம்:
டெஸ்க்கில் உட்கார்ந்தால் எல்லா மாடியும் உன் காதுக்கு வரும், ரிசப்ஷனோடு நாள் முழுக்கப் பேச்சு. நான் அங்கே தொடங்கியவள்தான். ஆனால் எனக்கும் ஆறு மாதம் என்றுதான் சொன்னார்கள். நான் இன்னும் ஹவுஸ்கீப்பிங்கில்தான் இருக்கிறேன். தங்க இடமும் ட்யூட்டி சாப்பாடும் உண்டா என்று முதலில் கேள்.