492 மோசடிக்கு ஸ்மோட்டா, வெயிட்டா?

தேன்மொழி: பிரஸ்ஸல்ஸ் பல்கலைக்கழகக் குழு வெளியிட்ட கிரெடிட் கார்டு டேட்டாவை வைத்துப் பழகுகிறேன். 2013 செப்டம்பரில் இரண்டு நாள், 284807 பரிவர்த்தனை, அதில் மோசடி 492. லாஜிஸ்டிக் ரிக்ரஷன். செயற்கை மோசடி வரிகளைச் சேர்க்கும் ஸ்மோட் போட்டால் பிரிசிஷன், அதாவது எச்சரித்ததில் உண்மையான மோசடி, 97%. மோசடி வரிகளுக்கு அதிக வெயிட் தரும் `class_weight='balanced'` போட்டால் வெறும் 6%. ரீகால், அதாவது மொத்த மோசடியில் பிடிபட்டது, இரண்டிலும் 92 பக்கம். அப்போ ஸ்மோட்தானே ஜெயிச்சது? ஆபீஸில் ஒருத்தர் சிரிக்கிறார், காரணம் சொல்ல மாட்டேன் என்கிறார்.

கணக்கன்: சிரிக்கிறவரை விடுங்க. ஸ்மோட் எப்பவும் நல்லதுதான். வெயிட் போட்டால் மாடல் அதே 492 பேரைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கும். ஸ்மோட் அக்கம்பக்கத்துப் புள்ளிகளுக்கு நடுவில் புதுசாகச் செய்து கொடுக்கும். புதுத் தகவல், அதனால் நல்ல ரிசல்ட்.

முகில்: புதுத் தகவல் எங்கிருந்து வரும் கணக்கன்? இரண்டு மோசடிக்கு நடுவில் கோடு போட்டு அதில் ஒரு புள்ளி வைக்கிறோம். அந்தக் கோடு நாம் நினைத்துக்கொண்டதுதானே.

தேன்மொழி, ஒன்று சொல்லுங்க. ஸ்மோட்டை டிரெயின், டெஸ்ட் பிரிக்கும் முன் போட்டீங்களா, பிறகா?

தேன்மொழி: முன்னாடி. முழு டேட்டாவிலும் போட்டுவிட்டு 80-20 பிரித்தேன்.

முகில்: அங்கேதான் இருக்கு விஷயம். உங்க டெஸ்டில் இப்போ பாதி மோசடி, பாதி நல்லது. வெயிட் போட்ட மாடலை இயல்பான டெஸ்டில் பார்த்திருப்பீங்க. அதில் 56962 வரி, மோசடி 98. 90ஐப் பிடித்து, நல்லவர்கள் 1390 பேரையும் மடக்கியிருக்கும். 1480 எச்சரிக்கைக்கு 90 என்றால் 6%.

அதே மாடலை, ஒரு எண்ணும் மாற்றாமல், பாதிக்குப் பாதி டெஸ்டில் வைத்துப் பாருங்க. நல்லவர்களில் 2.4% பேரைத் தவறாக மடக்குகிறது, மோசடியில் 92% பிடிக்கிறது. 92ஐ 94.4ஆல் வகுத்தால் 97%. உங்க 97ம் 6ம் அநேகமாக ஒரே மாடலின் இரண்டு போட்டோ.

போதாததற்கு, டெஸ்டில் போன மோசடிக்கு ஒட்டிய செயற்கைப் புள்ளி டிரெயினில் உட்கார்ந்திருக்கும். காப்பி அடிக்கவிட்டு மார்க் போட்ட மாதிரி.

கணக்கன்: சரி, டிரெயினுக்குள் மட்டும் போடணும், ஒத்துக்கறேன். அப்படிப் போட்டால் வெயிட்டும் ஓவர்சாம்ப்ளிங்கும் ஒன்றுதானே? எதைப் போட்டால் என்ன?

முகில்: பாதி சரி. இங்கே ஒரு மோசடிக்கு 578 நல்லது. ஒரு மோசடி வரியை 578 தடவை நகலெடுப்பதும் அதற்கு 578 வெயிட் கொடுப்பதும் லாஜிஸ்டிக்கில் ஒன்றேதான். டிசிஷன் மரங்களில் அப்படியில்லை. ஒரு இலைக்குக் குறைந்தது 20 வரி வேணும் என்று வைத்திருந்தால், நகலெடுத்த ஒரே ஒரு மோசடி தனி இலையே பிடித்துவிடும். வெயிட்டில், வரியை எண்ணும் வரை அது நடக்காது. ஸ்மோட் நகலே இல்லை என்பதால் அது வேறு கதை.

ஆனால் என் சண்டை அதில் இல்லை. இரண்டுமே ஒரே பொய்யைச் சொல்ல வைக்கும்: மோசடி பாதிக்குப் பாதி நடக்கும் ஊரில் இருக்கிறோம் என்று. பிறகு மாடல் கொடுக்கும் நிகழ்தகவை நம்பக்கூடாது. திருப்ப ஒரு வழி உண்டு:

```python
odds = p / (1 - p) / 578
p_true = odds / (1 + odds)
```

மாடல் 0.9 என்றால் உண்மையில் சுமார் 1.5%. 0.99 என்றால் 15% பக்கம். 0.5 என்று சொல்லும் இடமோ 0.17%, அதாவது எடுத்த எடுப்பில் எல்லாருக்கும் உள்ள சராசரிதான்.

செவிலி_மகள்: குறுக்கே வருவதற்கு மன்னிக்கணும், என்னுடையது மோசடி இல்லை, ப்ரீ-எக்லாம்ப்சியா. சுமார் 8000 கர்ப்பிணிகள், 160 பேருக்கு வந்தது. எங்களுக்கு வெயிட்தான் பெரிய உதவி, ரீகால் ஏறியது. ஆனா ரிப்போர்ட்டில் "ஆபத்து 70%" என்று அச்சாகிவிட்டது. ஒரு பொண்ணு அழுதுகொண்டே வந்தாள், அவள் அம்மா கூடவே. இது இதனாலா?

முகில்: அதேதான் அக்கா. உங்க விகிதம் 49க்கு 1. 70% என்றால் ஆட்ஸ், அதாவது 70ஐ 30ஆல் வகுத்தது, 2.33, அதை 49ஆல் வகுத்தால் 4.5% பக்கம் வரும். சராசரி 2% இருக்கும்போது 4.5% கவனிக்க வேண்டியதுதான், ஆனால் அழ வைக்கும் எண் இல்லை. மோசடிக்காரனுக்கு யாரும் எண்ணைக் காட்டுவதில்லை, நீங்க நோயாளிக்குக் காட்டுகிறீங்க. அதனால் உங்களிடம் வெயிட் வேண்டாம் என்பேன்.

செவிலி_மகள்: வெயிட் இல்லாமல் ஓட்டினால் யாரையுமே பிடிக்கவில்லையே. எல்லாருக்கும் "இல்லை" என்றது.

முகில்: 0.5இல் வெட்டினால் அப்படித்தான். வெட்டுப்புள்ளியை இறக்குங்க. 4%க்கு மேல் உள்ளவர்களை வாரம் ஒருமுறை பிபி பார்க்க வரச் சொல்லலாம் என்று மருத்துவர் முடிவு செய்யட்டும். எங்கே வெட்டுவது என்பதை வெயிட்டுக்குள் ஒளித்து வைத்தால் அதை யாரும் கேள்வி கேட்க முடியாது.

பாருங்க, `balanced` என்றால் சும்மா ஒரு பொத்தான் இல்லை. 0.5இல் வெட்டினால், "ஒரு மோசடியை விடுவது 578 நல்லவர்களைத் தொந்தரவு செய்வதற்குச் சமம்" என்று கையெழுத்துப் போடுகிறீங்க. இந்த டேட்டாவில் மோசடியின் சராசரித் தொகை 122 யூரோ. ஒரு எச்சரிக்கைக்குப் போன் போட்டு விசாரிக்க 2 யூரோ ஆகும் என்று வைத்துக்கொண்டால் விகிதம் 61. வெட்டுப்புள்ளி 1.6% பக்கம். 578 எங்கே, 61 எங்கே?

கணக்கன்: சராசரி 122 சரி, ஆனா மோசடிகளில் பாதி பத்து யூரோவுக்கும் கீழே. ஒரே வெட்டுப்புள்ளி எப்படிப் பொருந்தும்?

முகில்: நல்ல கேள்வி, இதில் நீங்கதான் சரி. தொகையைப் பொறுத்து வெட்டுப்புள்ளி மாறணும். ஆனா பத்து யூரோ மோசடி, கார்டு உயிரோடு இருக்கா என்று திருடன் சோதித்துப் பார்ப்பதாகவும் இருக்கலாம், அதன் உண்மையான விலை பத்து இல்லை. இதற்கு என்னிடம் சுத்தமான பதில் கிடையாது.

கணக்கன்: அப்புறம் அந்த 578ஆல் வகுப்பது. ரெகுலரைசேஷன் போட்டால் அது சரியாக வராதே?

முகில்: தோராயம்தான். சரிபார்க்க வழி இருக்கு: திருத்திய பின் 2% பக்கம் வந்த ஆயிரம் பரிவர்த்தனையை எடுங்க, அதில் சுமார் 20 மோசடி இருக்கணும். 5 இருந்தால் திருத்தம் வேலை செய்யவில்லை. கோடிக்கணக்கில் வரி வரும் வங்கியில் நல்லவற்றைக் குறைத்து எடுப்பது நேரத்துக்காக, அதை நான் குறை சொல்ல மாட்டேன், திருத்தத்தை மட்டும் மறக்காமல் இருந்தால் போதும்.

தேன்மொழி: செய்து பார்த்தேன். ஸ்மோட்டை டிரெயினுக்குள் மட்டும் போட்டேன், பிரிசிஷன் 6 பக்கமே வந்து நின்றது. 97 காணாமல் போச்சு. எதுவும் போடாத மாடல் 0.5இல் 98இல் அறுபத்துச் சொச்சம் பிடிக்கிறது, தவறாக மடக்குவது பத்துப் பன்னிரண்டு பேர்தான். ஆனா ஸ்மோட்டில் ரீகால் 94, வெயிட்டில் 92. அதற்காகவாவது ஸ்மோட்டை வைத்துக்கொள்ளலாமா?

முகில்: 98இல் 2 சதவீதம் என்பது இரண்டே மோசடி. அந்த அளவு டெஸ்டில் ரீகால் மேலும் கீழும் 5 வரை ஆடும். ரேண்டம் விதையை மாற்றி டேட்டாவை மறுபடி பிரியுங்க, ஜெயித்தவர் மாறலாம். உங்க பிரச்சினை விகிதம் இல்லை, எண்ணிக்கை. விகிதம் இதேயாக இருந்து மோசடி 49200 இருந்திருந்தால் நாம் இவ்வளவு பேசியிருக்க மாட்டோம்.

கணக்கன்: பூஸ்டிங்கில் `scale_pos_weight` போட்டால் எனக்கு வரிசைப்படுத்தலே நன்றாக வருது, வெறும் வெட்டுப்புள்ளி விஷயம் மட்டும் இல்லை. நேரம் கிடைக்கும்போது முதல் நாளில் டிரெயின், இரண்டாம் நாளில் டெஸ்ட் வைத்து ஓட்டிப் போடுகிறேன்.

முகில்: போடுங்க. 578 இல்லாமல் 5, 25 என்றும் போட்டுப் பாருங்க.

செவிலி_மகள்: ரிப்போர்ட்டில் சதவீதத்தை எடுத்துவிடச் சொல்லிவிட்டேன். ஏற்கெனவே வாங்கிப் போனவர்களை எப்படிக் கூப்பிடுவது என்றுதான் தெரியவில்லை.