பெயருக்கு எழுதும் தணிப்பை என்னவென்று சொல்வது?

மலர்விழி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம்.

ஒரு கூட்டுறவுக் கடன் சங்கம் தன் உறுப்பினர் கணக்குகளைப் பழைய மென்பொருளிலிருந்து புதியதற்கு மாற்றுகிறது. அந்தத் திட்டத்தின் இடர்ப் பதிவேட்டைச் சரிபார்க்கும் வேலை என்னிடம் வந்திருக்கிறது. சங்கத்தின் செயலாளரும் நிர்வாகக் குழுவும் படிக்க வேண்டும் என்பதால் பதிவேடு தமிழிலேயே இருக்கிறது. என் குறிப்புகளையும் தமிழில்தான் எழுதுகிறேன். அதன் 7ஆம் வரி இது:

> இடர்: தரவு மாற்றத்தில் சிக்கல் வரலாம். நிகழ்வாய்ப்பு 3, பாதிப்பு 4. பொறுப்பு: தொழில்நுட்பக் குழு. தணிப்பு: தரவு மாற்றம் மிகுந்த கவனத்துடன் செய்யப்படும். தணிப்புக்குப் பின் நிகழ்வாய்ப்பு 1, பாதிப்பு 4.

இரண்டையும் பெருக்கி வரும் மதிப்பெண் 12இலிருந்து 4க்கு இறங்கி, வரி பச்சை நிறத்துக்கு வந்துவிட்டது. இறக்கியது “மிகுந்த கவனத்துடன்” என்ற இரண்டு சொற்கள் மட்டுமே. இப்படிப்பட்ட வரிகள் பதிவேட்டில் நிறைய இருப்பதால், ஓரத்தில் குறித்து வைக்க ஒரே சொல் வேண்டும். “விருப்பத் தணிப்பு” என்று எழுதிப் பார்த்தேன். செயலாளர் அதை விருப்பப் பாடம் மாதிரி எடுத்துக்கொண்டு, “விரும்பினால் செய்யலாம் என்கிறீர்களா?” என்று கேட்டார். வேறு நல்ல சொல் இருந்தால் சொல்லுங்கள்.

கதிர் எழுதியது:

மலர், “வாய்த்தணிப்பு” என்று வைக்கலாமே? வாயளவில் நிற்பது என்று உடனே புரியும்.

சொல்லைவிட அங்கே பெரிய குறை, பொறுப்பு என்ற கட்டத்தில் ஆள் பெயர் இல்லாததுதான். “குழு” என்று போட்டால் யாரும் பார்க்க மாட்டார்கள். மாற்று நிரலை எழுதி ஓட்டப்போகிற நிரலாளரின் பெயரைப் போட்டுவிடுங்கள். பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

ரஹீம் எழுதியது:

நான் கட்டட வேலைக்காரன். எங்கள் பதிவேடுகளில் எப்போதும் ஒரு வரி இருக்கும்: “மழையால் தாமதம் ஏற்படலாம். தணிப்பு: வானிலை கண்காணிக்கப்படும்.” வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் மழை நிற்குமா? கடலோர மாவட்டத்தில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை என்பது எல்லோருக்கும் தெரியும். அடித்தள வேலையைச் செப்டம்பருக்குள் முடிக்கிறோமா, முடியாவிட்டால் நீர் இறைக்கும் பம்புக்கு வாடகை ஒதுக்கியிருக்கிறோமா என்றுதான் நான் கேட்பேன்.

ஆனால் ஒரு சந்தேகம். சில இடர்களுக்கு ஒன்றும் செய்ய முடியாது, தாங்கிக்கொள்ளத்தான் வேண்டும். அதையும் நீங்கள் தேடும் சொல்லால்தான் குறிப்பீர்களா?

வசந்தி எழுதியது:

அன்புள்ள மலர்,

“ஏட்டுத் தணிப்பு” என்பது என் பரிந்துரை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதை அறியாதவர் நம்மிடம் இல்லை. செயலாளரும் விளக்கம் கேட்க மாட்டார்.

ஆனால் 7ஆம் வரிக்கு இந்தச் சொல்லை மட்டும் எழுதித் திருப்பி அனுப்பினால், “மிகுந்த கவனம்” போய் “கூடுதல் கவனம்” வரும். இடரே மங்கலாக இருக்கும்போது தணிப்பு தெளிவாக இருக்க வழியில்லை. எதனால், என்ன நடந்து, யாருக்கு என்ன ஆகும் என்ற மூன்றையும் முதலில் கேட்க வேண்டும். உங்கள் சங்கத்தின் பழைய தரவு பாமினி எழுத்துருவில் இருப்பதாக முன்பு எழுதியிருந்தீர்கள். அங்கிருந்தே தொடங்கலாம்.

பாமினி, ஆங்கில எழுத்துகளுக்கும் குறிகளுக்கும் உரிய இடங்களில் தமிழ் எழுத்துகளை வைத்த பழைய எழுத்துரு. அதில் “இ” என்ற எழுத்து இருப்பது காற்புள்ளியின் இடத்தில். மெய்யின் புள்ளி இருப்பது அரைப்புள்ளியின் இடத்தில். பழைய மென்பொருள் மேற்கோள் குறி இடாமல், காற்புள்ளியால் பிரித்த கோப்பாக ஏற்றுமதி செய்தால், கே. இந்திரா என்ற உறுப்பினரின் வரி இப்படி வரும்:

```
1047,K. ,e;jpuh,12500
```

மூன்று புலங்கள் இருக்க வேண்டிய வரியில் நான்கு வந்துவிட்டன. பெயர் இரண்டாக உடைந்து, இருப்புத் தொகை இருக்க வேண்டிய இடத்தில் பெயரின் பாதி உட்காரும். இது சத்தம் போடும் பிழை. வரிக்கு வரி புலங்களை எண்ணினாலே அகப்பட்டுவிடும்.

அதே வரியில் சத்தமில்லாத பிழை ஒன்றும் இருக்கிறது. தலைப்பெழுத்து K ஆங்கில எழுத்துருவில் அடிக்கப்பட்டது. தரவுத்தளத்தில் எழுத்துரு பற்றிய குறிப்பு சேமிக்கப்படவில்லை என்றால், ஒருங்குறிக்கு மாற்றும் நிரல் K என்பதையும் பாமினியாகவே படிக்கும். பாமினியில் அது “மு”. ஆக கே. இந்திரா, மு. இந்திரா ஆகிவிடுவார். பார்த்தால் ஒழுங்கான பெயர்தான், எந்த நிரலும் புகார் சொல்லாது. அந்த அம்மா கடன் ரசீதைக் கையில் வாங்கும்போதுதான் தெரியவரும்.

எனவே 7ஆம் வரியை இரண்டாகப் பிரியுங்கள். ஒவ்வொன்றின் தணிப்பும் வேறு, பொறுப்பாளரும் வேறு. முதல் வரிக்கு மேற்கோள் குறியோடு ஏற்றுமதி செய்து, புலங்களை எண்ணும் ஒத்திகை. இரண்டாவதற்கு, ஆங்கிலத் தலைப்பெழுத்து இருக்கக்கூடிய பெயர்களைத் தனியே எடுத்து, எழுத்தர்கள் உறுப்பினர் பேரேட்டோடு ஒப்பிடுவது.

இங்கே கதிர் சொன்னதில் பாதிதான் சரி. பெயர் வேண்டும், ஆனால் வேலை செய்பவர் பெயர் போதாது. பொறுப்பாளர் என்றால் கேள்விக்குப் பதில் சொல்லும் கடமையும், முடிவெடுக்கும் அதிகாரமும் இரண்டும் உள்ளவர். ISO வரையறையும் இரண்டையும் கேட்கிறது. எழுத்தர்களை வசூல் வேலையிலிருந்து விடுவித்து உட்கார வைக்க நிரலாளரால் முடியுமா? செயலாளரால்தான் முடியும். அந்த வரியின் பொறுப்பாளர் செயலாளர். நிரலாளரையும் எழுத்தர்களையும் “செயலாற்றுநர்” என்று வேறு கட்டத்தில் போடலாம்.

ரஹீம் பாய் கேட்டது நல்ல கேள்வி. தாங்கிக்கொள்வது என்று முடிவெடுத்து, முடிவெடுத்தவர் யார், அதற்கு ஒதுக்கிய நாளோ பணமோ எவ்வளவு என்று எழுதினால் அது “ஏற்பு”. அதைக் குறை சொல்ல வேண்டியதில்லை. ஏட்டுத் தணிப்பைக் கண்டுபிடிக்க நான் செய்வது ஒன்றுதான்: பதிவேட்டை மூடிவிட்டு வேலை அட்டவணையைத் திறப்பேன். அந்தத் தணிப்புக்கு அங்கே ஒரு வரியும் நாளும் ஆளும் இருந்தால் அது தணிப்பு.

கதிர் எழுதியது:

அக்கா, அதிகாரம் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் செயலாளர் பெயரைப் போட்டால் அவர் ஒப்புக்கொள்வாரா? பல இடங்களில் மேலே இருப்பவர் பெயர் வெறும் அலங்காரமாக நின்றுவிடும். நிரலாளர் பெயராவது கூப்பிட்டால் பதில் சொல்லும்.

சிவநேசன் எழுதியது:

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். தங்கை வசந்தியின் விளக்கம் பயனுள்ளது. சொல்லில்தான் எனக்கு ஒரு தயக்கம். பதிவேடு என்பதிலேயே ஏடு இருக்கிறது. “ஏட்டுத் தணிப்பு” என்றால், ஏட்டில் முறையாகப் பதியப்பட்ட தணிப்பு என்று ஒருவர் நல்ல பொருளில் படித்துவிடலாம். குறை சொல்லும் சொல்லைப் பாராட்டாக வாசிக்க இடம் தரக்கூடாது. “பெயரளவுத் தணிப்பு” என்றால் அந்த மயக்கம் இல்லை. “வாய்த்தணிப்பு” பேச்சுக்குச் சரி. எழுத்தில் அது ஆளைக் குத்துவது போல இருக்கிறது.

இன்னொன்று. தணிப்பு எழுதியவுடன் மதிப்பெண்ணைக் குறைப்பதுதான் எனக்குப் பெரிய குறையாகத் தெரிகிறது. செய்து முடித்த பிறகு இருக்கும் நிலையும், செய்யப்போகிறோம் என்ற எதிர்பார்ப்பும் ஒரே கட்டத்தில் இருக்கலாமா?

மலர்விழி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. சிவநேசன் ஐயா சொன்னபடி மதிப்பெண்ணை “இன்றைய நிலை”, “இலக்கு” என்று இரண்டு கட்டங்களாகப் பிரித்துவிட்டேன். ஒத்திகை முடிந்து முடிவு கைக்கு வரும்வரை இன்றைய நிலை 12ஆகவே இருக்கும். பச்சை நிறம் போனதில் திட்டக் குழுவுக்கு வருத்தம்தான்.

7ஆம் வரி 7அ, 7ஆ என்று பிரிந்தது. 7ஆவுக்குத் தன் பெயரைப் போடச் செயலாளர் முதலில் தயங்கினார். எழுத்தர்களை எந்த வாரம் விடுவிப்பது என்ற கேள்வியை முன்னால் வைத்ததும், மாதக் கடைசி வசூல் முடிந்த வாரம் என்று அவரே நாள் குறித்துக் கையெழுத்திட்டார். கதிர் பயந்தது மற்ற வரிகளில் நடக்கலாம். அதற்கு என்னிடம் இன்னும் பதில் இல்லை.

சொல்லில் எனக்கு “பெயரளவுத் தணிப்பு” பக்கம் சாய்வு. ஆனால் சங்கத்தில் வாய்விட்டுப் படித்துக் காட்டியபோது “ஏட்டுத் தணிப்பு”தான் உடனே பிடிபட்டது. இந்தப் பதிவேடு முடியும்வரை இரண்டையும் வைத்துப் பார்க்கிறேன். இடர் நிகழப்போகிறது என்று முன்னரே காட்டும் அறிகுறிக்கு “தூண்டல்” என்று எழுதியிருக்கிறேன். அறிகுறி இடரைத் தூண்டுவதில்லையே என்று திட்டக் குழுவில் ஒருவர் கேட்கிறார். அதற்கும் ஒரு சொல் வேண்டும்.

வசந்தி எழுதியது:

“முன்குறி” எப்படி இருக்கும்? புலங்களின் எண்ணிக்கை ஒரு வரியில் பிசகினாலும் அது 7அவின் முன்குறி. 7ஆவுக்கு அப்படி ஒன்று எனக்குத் தென்படவில்லை. அதனால்தான் அங்கே பேரேட்டோடு ஒப்பிடுவதை விட்டுவிடக்கூடாது என்கிறேன்.