தம்பி கொடுத்த பற்றுச்சீட்டு காலாவதியாகுமா?

தெம்பனிஸ் அக்கா: தீபாவளிக்குத் தம்பி கையால் எழுதிய ஆறு பற்றுச்சீட்டு தந்தான். "ஒரு சனிக்கிழமை மாலை பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறேன்." அவன் தேசிய சேவையில், நான் ஷிப்ட் வேலையில். ஒன்றுதான் பயன்பட்டது. இப்போது "டிசம்பரோடு காலாவதி" என்கிறான். மிச்சத்தைக் கேட்பது தப்பா?

பொங்கோல்வாசி: காலாவதிதான். சிடிசி பற்றுச்சீட்டுக்கே கெடு இருக்கிறது. எங்கள் வீட்டில் பாதி உணவங்காடிக்கு, பாதி பேரங்காடிக்கு. சீட்டுக்கான லிங்க் அண்ணனிடம் இருந்ததால் அவனே முடித்துவிட்டான்!

ஈசூன் மாமா: அது அரசாங்கச் சீட்டு, தம்பி. இங்கே பேச்சு வேறு.

ரயிலடி: எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறானா? அப்படியென்றால் ஒப்பந்தம். சிறு கோரிக்கை நடுவர் மன்றம் வரை போகலாம்.

ஈசூன் மாமா: எழுதி வைத்தது நல்லதுதான், பிறகு வாய்ச்சண்டை குறையும். ஆனால் அன்பளிப்புக்குப் பதிலாக அக்கா எதுவும் தரவில்லையே. குடும்பத்துக்குள் சொன்ன வாக்கைச் சட்டம் பொதுவாக ஒப்பந்தமாகப் பார்க்காது. அதை விடுங்கள். சிக்கல் "ஒரு சனிக்கிழமை" என்று எழுதியதில். யார் தேதி சொல்வது என்று அதில் இல்லை. அக்கா கேட்கக் கூச்சப்படுவார், தம்பி "கேட்டால் பார்ப்போம்" என்று இருப்பான். மாதம் ஓடிவிடும். கெடு வைத்தால் தள்ளிப்போடுபவனுக்குத்தான் லாபம்.

குட்டித்தம்பி_99: நானும் தேசிய சேவைதான். வெள்ளி இரவு திடீரென்று காவல் பணி போடுவார்கள். ஏமாற்ற வேண்டும் என்று யாரும் நினைப்பதில்லை அக்கா.

ஈசூன் மாமா: அதனால்தான் சொல்கிறேன். ஐந்து சீட்டுக்கும் இப்போதே தேதி போட வேண்டாம். அக்காவின் ஷிப்ட் அட்டவணை வந்த அன்றே அவன் காவல் பணிப் பட்டியலையும் பக்கத்தில் வைத்து, அந்த மாதத்துக்கு ஒரே ஒரு தேதி குறியுங்கள். "மாலை" என்பதை 5 மணி முதல் 9 மணி வரை என்று எழுதுங்கள், சாப்பாடு ஊட்டுவது சேர்த்தா இல்லையா என்பதையும். திடீரென்று பணி வந்தால், அன்றைக்கே வேறு இரண்டு தேதி சொல்ல வேண்டியது அவன் பொறுப்பு. முகாமுக்குத் திரும்புமுன் ஞாயிறு காலை வந்தாலும் கணக்கில் சேரும். சீட்டை வேலை முடிந்த பிறகுதான் அவன் கையில் கொடுக்க வேண்டும். முன்னதாகக் கொடுத்தால், அரைமணி நேரம் வந்து போனதும் முழுச் சீட்டாகிவிடும்.

செங்காங் மீனா: மன்னிக்கவும், இது அன்பளிப்பா, பணியாள் ஒப்பந்தமா? கூடப் பிறந்தவனிடம் மணிக்கணக்குப் பார்ப்பதா? கிழித்துப் போட்டுவிட்டு, "டேய், சனிக்கிழமை வா" என்று சொல்லுங்கள்.

தெம்பனிஸ் அக்கா: மீனா, அப்படிக் கேட்டுக் கேட்டுத்தான் அவன் சீட்டாக எழுதித் தந்தான். மாமா சொன்னபடி அடுத்த அட்டவணைக்குக் காத்திருக்கிறேன். ஆனால் டிசம்பர் கெடுவை அவன் எடுப்பானா என்பது தெரியவில்லை. சீட்டில் அப்படி எதுவும் எழுதவே இல்லை.

குட்டித்தம்பி_99: எழுதவில்லையென்றால் கெடு இல்லை அக்கா. அவனை இங்கே வந்து பேசச் சொல்லுங்கள்.