பீஸ் பாக்கி மெசேஜ்: கடைசி வரிக்கு யோசனை சொல்லுங்கள்

வணக்கம். ஒரு மெட்ரிக் பள்ளி அலுவலகத்தில் வேலை செய்கிறேன். ஆசிரியர்கள் பெற்றோருக்கு எழுதித் தரும் வாட்ஸ்அப் செய்திகளைத் திருத்தி அனுப்புவது என் பொறுப்பு. 'ஏன் வரல?' என்பதை 'இன்று வகுப்புக்கு வரவில்லை, காரணத்தைத் தெரிவிக்க வேண்டுகிறோம்' என்று மாற்றினால் போதும். ஆண்டு விழா அழைப்பும் அப்படித்தான். பீஸ்தான் இடிக்கிறது.

இன்று வந்தது: "பையனோட ரெண்டாவது டெர்ம் பீஸ் இன்னும் கட்டல. வெள்ளிக்குள்ள கட்டலன்னா எக்ஸாம் எழுத முடியாது."

நான் மாற்றியது: "மதிப்பிற்குரிய பெற்றோருக்கு வணக்கம். தங்கள் மகனின் இரண்டாம் பருவக் கட்டணத்தில் ரூ.6,500 நிலுவையில் உள்ளது. வரும் வெள்ளிக்கிழமைக்குள் செலுத்த வேண்டுகிறோம். ஏற்கெனவே செலுத்தியிருந்தால் ரசீது எண்ணைத் தெரிவிக்கவும். தவணை தேவைப்பட்டால் அலுவலகத்தை அணுகலாம்."

பரீட்சை மிரட்டலை எடுத்துவிட்டேன். பெற்றோர் கட்டாததற்குப் பிள்ளையை நிறுத்துவது நியாயமில்லை. வகுப்பு குரூப்பில் போடாமல் தனியாகத்தான் அனுப்புவேன். தாளாளரோ, "இவ்வளவு பணிஞ்சு எழுதினா யாரு கட்டுவாங்க?" என்கிறார். ரசீது வரியும் தவணை வரியும் கெடுவுக்குப் பின்னால் வருவதால் அதன் அழுத்தம் குறைகிறதோ?

பள்ளி அலுவலகத்தில் இருப்பவர்கள், இதை எந்த வரியில் முடிக்கிறீர்கள்? கெடு தாண்டியபின் அனுப்பும் இரண்டாவது நினைவூட்டலின் மாதிரி இருந்தாலும் போடுங்கள்.