இலவச அறை, இலவசச் சாப்பாடு என்று சேர்ந்தேன், சம்பளச் சீட்டில் வேறு கதை

கரண்டிக்காரன்:
சமையல் வேலைக்கு வந்து பதினோரு வருடம் ஆகிறது, ஆனால் சம்பளச் சீட்டை முதல் தடவையாக உட்கார்ந்து படித்தது போன வேலையில்தான். சேரும்போது முதலாளி சொன்னது இதுதான்: மாதம் இவ்வளவு சம்பளம், தங்க அறை இலவசம், மூன்று வேளைச் சாப்பாடும் இலவசம். வேலை உத்தரவிலும் அப்படியே எழுதிக் கொடுத்தார். நிஜத் தொகையைச் சொல்லி என்ன ஆகப்போகிறது, சம்பளத்தை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு மாதம் சீட்டில் 100 என்று போட்டு, வரி 10 பிடித்து, 90 கைக்கு வந்தது. மூன்றாவது மாதம் 87.50 தான் வந்தது. சீட்டை எடுத்துப் பார்த்தால் பிடித்தம் என்ற தலைப்பின் கீழ் அறை 15, உணவு 10 என்று இரண்டு புதுப் பதிவு. எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. இலவசம் என்று கூப்பிட்டுவிட்டு வாடகையா வாங்குகிறீர்கள் என்று, மதியக் கூட்டம் ஓய்ந்ததும் ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் கணக்கர் அறைக்குப் போய்க் கத்தினேன்.

அவர் வயதானவர், பொறுமைசாலி. “தம்பி, கீழே மட்டும் பார்த்தால் எப்படி, மேலே பாருங்கள்” என்றார். மேலே சம்பளம் 100, அதற்கடியில் அறை மதிப்பு 15, உணவு மதிப்பு 10, ஆக மொத்தம் 125. அதே 25-ஐக் கீழே திரும்பக் கழித்திருக்கிறார்கள், ஏனென்றால் அது பணமாக வரவில்லை, அறையாகவும் சோறாகவும் வந்துவிட்டது. “உங்கள் 100-ல் யாரும் கை வைக்கவில்லை. வரியை மட்டும் 125-க்குப் போட வேண்டியிருக்கிறது, முதல் இரண்டு மாதம் நான்தான் விட்டுவிட்டேன்” என்றார். 125-க்கு 12.50 வரி, அந்த இரண்டரைதான் குறைந்தது. சரி என்று திரும்பி வந்துவிட்டேன். அன்று இராத்திரி படுக்கையில்தான் உறைத்தது, அப்படியானால் என் சம்பளம் 100 இல்லை, 125. அதுவரை எல்லோரிடமும் 100 என்றுதானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

உங்களில் யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா? இதற்குப் பிறகும் கொஞ்சம் கதை இருக்கிறது, அப்புறம் எழுதுகிறேன்.

இரவுப்பணி:
அண்ணே, நீங்கள் ஏமாந்துவிட்டீர்கள். உத்தரவில் இலவசம் என்று எழுதியிருந்தால் அதற்கு வரியே போட முடியாது. இலவசம் என்றாலே பரிசு மாதிரி. அந்த இரண்டரையை மாதாமாதம் திருப்பிக் கேளுங்கள்.

பழைய சம்பளப்பட்டியல்:
இரவுப்பணி சொன்னதில் பாதி சரி. வரி இல்லாமல் போவதும் உண்டு, ஆனால் இலவசம் என்ற சொல்லால் அல்ல. நான் விடுதிகளிலும் கேன்டீன்களிலும் இருபது வருடத்துக்கு மேல் சம்பளப்பட்டியல் போட்டவன், அதனால் இதைக் கொஞ்சம் நீளமாகச் சொல்லிவிடுகிறேன்.

வேலைக்குப் பதிலாக முதலாளி கொடுப்பது எதுவும் பரிசு ஆகாது. நாளையே நீங்கள் வேலையை விட்டால் அறையும் போய்விடும், சோறும் போய்விடும். உழைப்பு நின்றதும் நின்றுபோகிறதே, அப்போது அது உழைப்புக்கான கூலிதானே. பணமாக வராமல் பொருளாக வருகிறது, அவ்வளவுதான். பல நாடுகளில் வரிச் சட்டம் இதற்கு ஒரு மதிப்புப் போட்டு வருமானத்தோடு சேர்க்கிறது. ஆனால் விதிவிலக்கும் இருக்கிறது. வேலையின் அவசியத்துக்காக முதலாளி உங்களை அங்கேயே தங்கச் சொன்னால் சில நாடுகள் அந்த அறைக்கு வரி கேட்பதில்லை. உதாரணமாக அமெரிக்காவில், வேலை செய்யும் இடத்திலேயே அறை இருந்து, அங்கே தங்கினால்தான் வேலை என்று நிபந்தனையும் இருந்து, அது முதலாளியின் தேவைக்காக என்றால் விலக்கு உண்டு. ஆகவே கரண்டிக்காரரிடம் நான் கேட்பது, விடியற்காலை அடுப்புப் பற்ற வைக்க நீங்கள் அங்கேயே படுத்திருக்க வேண்டும் என்று சொன்னார்களா, இல்லை வெளியே வீடு எடுத்துக்கொள்ள உங்களுக்கு வழி இருந்ததா? இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கிறது. உங்கள் நாட்டு விதி என்ன சொல்கிறது என்று உள்ளூரில்தான் விசாரிக்க வேண்டும்.

வாயிற்காவல்:
எனக்கும் இதே அநியாயம் நடந்தது. காவல் வேலை, கேட் பக்கத்திலேயே ஒரு அறை. சம்பளம் 100 என்று சொன்னார்கள் (கரண்டிக்காரர் கணக்கிலேயே சொல்கிறேன்), முதல் மாதம் கையில் கொடுத்தது 80. கேட்டால் அறைக்கு 20 என்கிறார்கள். கணக்கரிடம் போனால் இதே மேலே பார் கீழே பார் கதையைச் சொல்லி அனுப்பிவிட்டார். எல்லா இடத்திலும் இப்படித்தான் போல.

பழைய சம்பளப்பட்டியல்:
இல்லை ஐயா, உங்களுடையது வேறு. உங்கள் சீட்டில் மேலே அறை மதிப்பு 20 என்று ஏறியிருந்ததா? ஏறாமல் கீழே மட்டும் கழித்திருந்தால் அது வாடகைப் பிடித்தம். கரண்டிக்காரருக்கு 100-ம் அறையும் சேர்த்துக் கொடுத்தார்கள். உங்களுக்கு 100-க்குள்ளேயே அறையைத் திணித்துவிட்டார்கள். சீட்டைப் பார்த்தவுடன் கண்டுபிடிக்க இது ஒன்றே போதும்: ஒரே தொகை மேலேயும் கீழேயும் இருந்தால் அது கணக்கு எழுதும் முறை, கீழே மட்டும் இருந்தால் உங்கள் பையிலிருந்து போகிறது. நீங்கள் எழுதிக் கொடுத்து இசையாமல் அப்படிப் பிடிக்க முடியுமா என்பதும், பிடித்த பிறகு மிஞ்சுவது குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே போகிறதா என்பதும் அடுத்த கேள்விகள். பிரிட்டனில் அறையை மட்டும், அதுவும் ஓர் எல்லை வரைதான், குறைந்தபட்சக் கூலியில் சேர்த்துக்கொள்ளலாம், சாப்பாட்டைச் சேர்க்கவே முடியாது. மற்ற இடங்களில் வேறு மாதிரி இருக்கும்.

வாயிற்காவல்:
சீட்டே கொடுக்கவில்லை, வெறும் கையெழுத்துதான்.

கல்லாப்பெட்டி:
நான் சின்ன உணவகம் நடத்துபவன், அடிக்க வராதீர்கள். முதலாளி பக்கத்தையும் ஒருவர் பேச வேண்டுமே. அறைக்கு நான் வெளியே வாடகை கட்டுகிறேன், மின்சாரம், தண்ணீர் எல்லாம் என் செலவு. அது சம்பளத்தில் வராது என்றால் நான் எங்கே போவது? சாப்பாட்டுக்கு 10 என்பது என்னைக் கேட்டால் குறைவுதான். சமையல்காரர் மூன்று வேளையும் வெளியே வாங்கிச் சாப்பிட்டால் என்ன ஆகும் என்று அவரே சொல்லட்டும்.

பழைய சம்பளப்பட்டியல்:
வெளியே வாங்கும் விலையை ஏன் எடுக்கிறீர்கள்? ஊழியர் சாப்பிடுவது மெனு கார்டைப் பார்த்து ஆர்டர் கொடுத்தா? இரண்டு மணிக்குப் பாத்திரத்தில் மிஞ்சியதைத்தானே நின்றுகொண்டே சாப்பிடுகிறார்கள். 1949-ல் வந்த சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 95-ஆம் உடன்படிக்கை, கூலியில் ஒரு பகுதியைப் பொருளாகக் கொடுக்க விடுகிறது, ஆனால் அது தொழிலாளிக்கும் குடும்பத்துக்கும் உபயோகப்படுவதாக இருக்க வேண்டும், போடும் மதிப்பும் நியாயமாக இருக்க வேண்டும் என்கிறது. நான்கு பேர் படுக்கும் அறைக்கு ஆளுக்கு ஒரு முழு அறை வாடகை போட்ட சீட்டை நானே பார்த்திருக்கிறேன். போட்டவரும் நானே, அந்த வெட்கம் இன்னும் இருக்கிறது.

கரண்டிக்காரன்:
எங்கள் அறையில் மூன்று பேர். ஆனால் 15 என்பது பங்கு போட்ட பிறகு வந்த தொகை, அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். விடியற்காலை அடுப்பு விஷயம், அப்படி யாரும் எழுதிக் கொடுக்கவில்லை, ஆனால் கேஸ் வண்டி நாலரைக்கு வரும்போது கதவைத் தட்டுவது என் பெயரைச் சொல்லித்தான். இது அவசியத்தில் சேருமா சேராதா, எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

சரி, மீதிக் கதை. மூன்று வருடம் கழித்துப் போன மாதம் வேலையை விட்டேன். எடுக்காத லீவு 30 நாள் சேர்ந்திருந்தது, அதற்குப் பணம் கொடுக்க வேண்டும். செட்டில்மென்ட் தாளில் 100 என்று இருந்தது. அதே கணக்கர், அதே மேசை. நான் இந்த முறை கத்தவில்லை. மூன்றாவது மாதத்துச் சீட்டைப் பையிலிருந்து எடுத்து அவர் முன் வைத்தேன். “ஐயா, வரி பிடிக்கும்போது என் சம்பளம் 125 என்றீர்கள். இப்போது மட்டும் எப்படி 100 ஆனது?” அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், வெகுநேரம் துடைத்தார். பிறகு முதலாளியைப் பார்க்கச் சொன்னார்.

முதலாளி சொன்னது: லீவு எடுத்திருந்தால் நீ அறையில்தானே இருந்திருப்பாய், அதற்கு ஏன் பணம்? நான் சொன்னேன், நான் லீவு எடுக்கவில்லையே, வேலையை விட்டுப் போகிறேன், இனி அந்த 30 நாளும் அறையும் இல்லை, சோறும் இல்லை. கடைசியில் சாப்பாட்டுக்கான 10-ஐ ஒத்துக்கொண்டு 110 கொடுத்தார். அறைக்கான 15-க்கு முடியாது என்றுவிட்டார்.

இன்னொன்று எனக்கே தாமதமாகத்தான் தோன்றியது. இரண்டாவது வருடம் 21 நாள் வீட்டுக்குப் போயிருந்தேன், சம்பளத்தோடு கூடிய லீவு. என் பெட்டி, படுக்கை எல்லாம் அறையில்தான் பூட்டிக் கிடந்தது, அதனால் அறையை நான் அனுபவித்ததாகவே வைத்துக்கொள்ளலாம். ஆனால் 21 நாள் அங்கே ஒரு வாய் சாப்பிடவில்லை. 10-ல் 30 நாளுக்கு 21 நாள் என்றால் 7. அந்த மாதச் சீட்டில் உணவு 10 என்று முழுதாக மேலே ஏற்றிக் கீழே கழித்து, வரியும் பிடித்திருக்கிறார்கள்.

பழைய சம்பளப்பட்டியல்:
அந்த 7-ஐக் கேட்கலாம், நியாயம் இருக்கிறது. சாப்பிடாத சோற்றுக்கு வரி கட்டியிருக்கிறீர்கள். 15 விஷயம் அவ்வளவு நேராக இல்லை. லீவுப் பணத்துக்கு எந்தச் சம்பளத்தை எடுக்க வேண்டும் என்று சில சட்டங்கள் தனியாகவே சொல்லும், வரிக்கு ஒரு சம்பளம், லீவுக்கு ஒரு சம்பளம் என்று இரண்டு அர்த்தம் இருக்கும். அப்படி இருந்தால் முதலாளி சொல்வதே நிற்கலாம். தொழிலாளர் அலுவலகத்தில் சீட்டையும் உத்தரவையும் காட்டிக் கேளுங்கள்.

கல்லாப்பெட்டி:
7 சரி. 15-ஐ நானும் கொடுக்க மாட்டேன்.

இரவுப்பணி:
எனக்கு ஒரு சந்தேகம், இந்த 125-ஐ வங்கிக் கடனுக்குச் சம்பளமாகக் காட்டலாமா?

பழைய சம்பளப்பட்டியல்:
காட்டலாம், ஆனால் தவணையைச் சோறாகக் கட்ட முடியாதே. வங்கி கையில் வருவதைத்தான் பார்க்கும்.

கரண்டிக்காரன்:
அறைச் சாவி ஒன்று இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. முதலாளி இரண்டு தடவை போன் செய்து கேட்டார். 15-ம் 7-ம் கொடுத்தால் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

பழைய சம்பளப்பட்டியல்:
அதை மட்டும் செய்யாதீர்கள். சாவி உங்களிடம் இருக்கும்வரை அறை உங்கள் வசம் என்று ஒவ்வொரு நாளுக்கும் கணக்கு எழுதுவார், நீங்கள் கேட்கும் 15 அதிலேயே கரைந்துவிடும். சாவியைக் கொடுத்துவிட்டு, கொடுத்த தேதியோடு ஒரு கையெழுத்து வாங்குங்கள்.

கரண்டிக்காரன்:
இதை யோசிக்கவே இல்லை. நாளைக் காலை முதல் வேலையாகப் போகிறேன், கணக்கர் வருவதற்குள் போனால் அங்கே யாரும் இருக்க மாட்டார்கள், ஒன்பதரைக்கு மேல் போக வேண்டும்.