சுவிட்சைப் போட்டால் ஒரு மிட்டாய்: மீலியை மூராக மாற்றிய அனுபவம்

கடலோரம், டர்பன்

மீலி இயந்திரத்தை மூராக மாற்றும்போது எத்தனை நிலை கூடும் என்று பலரும் கணக்குப் போட்டுப் பார்த்திருப்பீர்கள். எனக்கு அந்தக் கணக்கு தப்பினது ஒரு மிட்டாய்ப் பெட்டியில். அதைச் சொல்கிறேன், உங்களுக்கு நடந்ததையும் சொல்லுங்கள்.

நான் இங்கே ஒரு கல்லூரியில் டிஜிட்டல் எலக்ட்ரானிக்ஸ் ஆய்வகம் பார்த்துக்கொள்கிறேன். சாட்ஸ்வொர்த்திலிருந்து வரும் இரண்டு பையன்கள் மரப்பெட்டியில் ஒரு மிட்டாய் இயந்திரம் செய்தார்கள். மிட்டாய் 3 ராண்ட். 1 ராண்ட், 2 ராண்ட் நாணயம் மட்டும் போடலாம். 2 போட்டு மறுபடி 2 போட்டால் மிட்டாயோடு 1 ராண்ட் சில்லறையும் வரும். இதுவரை எவ்வளவு விழுந்திருக்கிறது என்பதுதான் நிலை. மீலியாக எழுதினால் மூன்றே வரி. T என்றால் மிட்டாய், TC என்றால் மிட்டாயும் சில்லறையும், கோடு என்றால் ஒன்றுமில்லை.

```
நிலை   1 ராண்ட்   2 ராண்ட்
0      1 / -      2 / -
1      2 / -      0 / T
2      0 / T      0 / TC
```

மூராக்கச் சொன்னேன். முதல் பையன் யோசிக்கவே இல்லை. மூன்று நிலை, மூன்று வெளியீடு, பெருக்கினால் 9 என்று போட்டுவிட்டான். ஒன்பதுக்கு நான்கு ஃபிளிப்-ஃபிளாப் வேண்டும், போர்டில் இடமில்லை. "1-ஆம் நிலைக்குள் மிட்டாயோடு வருகிற அம்பு எங்கேடா இருக்கு, காட்டு" என்றேன். தேடினான், இல்லை. 1-க்குள் வரும் அம்பு, 2-க்குள் வரும் அம்பு எல்லாவற்றிலும் கோடுதான். 0-க்குள் வரும் அம்புகளில்தான் T-யும் இருக்கிறது, TC-யும் இருக்கிறது. ஆகவே 0 மட்டும் P, Q என்று இரண்டாகப் பிரியும். 1-க்கு A, 2-க்கு B. மொத்தம் 4, கூடுதல் 1. இரண்டே ஃபிளிப்-ஃபிளாப். எனக்கும் சந்தோஷம்.

நாணயம் விழும் துடிப்பையே கிளாக்காக வைத்திருந்தார்கள். T கம்பி தாழ்விலிருந்து ஏறும்போது மோட்டார் ஒரு சுற்று சுற்றி ஒரு மிட்டாயைத் தள்ளும். எல்லாம் நன்றாக ஓடியது. அப்புறம் லோட் ஷெடிங் வந்தது. இரண்டு மணி நேரம் கழித்து கரண்ட் திரும்பியதும், யாரும் பெட்டியைத் தொடாமலே ஒரு மிட்டாய் விழுந்தது. அன்று சாயங்காலம் மறுபடி போய் வந்தது, மறுபடி ஒன்று. பையன்கள் இதைச் சொல்லாமல் மூன்று நாள் சாப்பிட்டிருக்கிறார்கள்.

காரணம், தொடக்க நிலை. மீலியில் 0-வில் சும்மா நிற்கலாம், அம்பில் போகும்போதுதான் அது பேசும். மூர் நிற்கும்போதே பேசும். 0-வைப் பிரித்தபோது P, Q இரண்டின் நெற்றியிலும் மிட்டாய் என்று எழுதிவிட்டோம். ரீசெட் ஆனால் P-யில் போய் நிற்கிறது, T ஏறுகிறது, மோட்டார் சுற்றுகிறது. "0 ராண்ட், வெளியீடு ஒன்றுமில்லை" என்று ஒரு நிலை எங்கள் படத்திலேயே இல்லை. அதை S என்று சேர்த்தால்தான் ஒழுங்கு. அப்போது மொத்தம் 5.

இரண்டாமாண்டு, ஃபீனிக்ஸ்

அண்ணா, ஒரு சந்தேகம். S, P, Q மூன்றிலிருந்தும் 1 ராண்ட் போட்டால் A, 2 ராண்ட் போட்டால் B. அடுத்து போகிற இடம் மூன்றுக்கும் ஒன்றே. அப்படியானால் மூன்றையும் ஒன்றாக்கிவிடலாமே? போன வாரம் நிலை குறைப்புப் பாடத்தில் அப்படித்தான் செய்தோம்.

கடலோரம், டர்பன்

மீலியில் செய்திருப்பீர்கள் தம்பி. அங்கே அம்பின் மேலுள்ள வெளியீடும் ஒத்துப்போனால் சேர்க்கலாம். இங்கே S-இல் நின்றால் ஒன்றுமில்லை, P-யில் நின்றால் மிட்டாய். அடுத்த வழி ஒன்றாக இருந்தும் நிற்கிற இடத்தில் சொல்வது வேறு. சேர்த்தால் எந்த வெளியீட்டை எழுதுவாய்?

கம்பிவேலை, ஜோகன்னஸ்பர்க்

இவ்வளவு சுற்றத் தேவையில்லை. எனக்கு ஒரு குறுக்குவழி உண்டு, பல வருடமாகக் கைகொடுக்கிறது. வேறு வேறு வெளியீட்டோடு அம்புகள் வந்து சேர்கிற நிலைகள் எத்தனை என்று எண்ணுங்கள். அதுதான் கூடுதல் நிலைகளின் எண்ணிக்கை. உங்கள் படத்தில் 0 மட்டும்தான் அப்படி. எனவே 1.

அந்த இலவச மிட்டாய்க்கு S எல்லாம் வேண்டாம். T கம்பியில் ஒரு கேட் வையுங்கள், முதல் நாணயம் விழுந்ததும் ஒரு லாட்ச் அதைத் திறந்துவிடட்டும். நிலைப்படத்தில் கை வைக்க வேண்டாம்.

வெள்ளவத்தி, போர்ட் லூயி

நான் மொரீஷியஸில் பதினோராம் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்தவள், இப்போது ஓய்வு. கம்பிவேலை தம்பி சொன்ன குறுக்குவழி பாதி சரி. வெளியீடு 0, 1 என்று இரண்டே இருந்தால் அது பொய்க்காது, ஏனென்றால் ஒரு நிலை அதிகபட்சம் இரண்டாகத்தான் பிரியும். மூன்றாவது வெளியீடு வந்தவுடன் காலை வாரிவிடும்.

இந்தப் பெட்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். நாணயத்தையே கிளாக்காக வைக்காமல், தனிக் கிளாக் ஒன்று ஓடிக்கொண்டே இருப்பதாக வையுங்கள். அப்போது "நாணயம் இல்லை" என்பதும் ஒரு உள்ளீடு. ஒவ்வொரு நிலையும் தன்னிடமே கோடு போட்ட அம்போடு திரும்பும். 0-க்குள் வருபவை இப்போது கோடு, T, TC என்று மூன்று வகை. 0 மூன்றாகப் பிரியும். 1-க்கும் 2-க்கும் கோடு மட்டும்தான், அவை பிரியாது. மொத்தம் 5, கூடுதல் 2. தம்பியின் கணக்கில் 1 என்றுதான் வரும். நிலைக்கு நிலை, உள்ளே வரும் வெளியீடுகள் எத்தனை வகை என்று எண்ணி, ஒவ்வொன்றிலும் ஒன்றைக் கழித்துக் கூட்ட வேண்டும்.

இன்னொன்று பாருங்கள். அந்த மூன்றில் கோடு போட்ட 0 இருக்கிறதே, அதுதான் கடலோரம் தம்பி பிறகு ஒட்டவைத்த S. தனிக் கிளாக் வைத்திருந்தால் அது தானாகவே கணக்கில் வந்திருக்கும். கரண்ட் வந்து ஆளில்லாமல் நிற்கிற நேரத்தை அட்டவணையில் எழுதவில்லை, அதனால்தான் அந்த நேரத்துக்கான நிலையும் கிடைக்கவில்லை.

லாட்ச் விஷயம். "இதுவரை நாணயம் விழுந்ததா இல்லையா" என்பதை நினைவில் வைத்திருப்பதுதானே அந்த லாட்ச்? அது ஒரு பிட் நினைவு. படத்திலிருந்து S-ஐ அழித்து போர்டில் வேறு மூலையில் சாலிடர் வைக்கிறீர்கள், அவ்வளவுதான்.

கம்பிவேலை, ஜோகன்னஸ்பர்க்

டீச்சர், ஒத்துக்கொள்கிறேன். நான் இதுவரை பார்த்ததெல்லாம் ஒரு கம்பி வெளியீடுதான், அதனால் மாட்டிக்கொள்ளாமல் தப்பித்திருக்கிறேன் போலிருக்கிறது. ஆனால் லாட்ச் மலிவு. அதில் நான் மாறமாட்டேன்.

ரோபோக்காரன், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

எனக்கும் மூரில் ஒரு தொல்லை. ரோபோ மாதிரி ஒன்று செய்தேன் (ஊருக்குப் புதியவர்களுக்கு: இங்கே ரோபோ என்றால் சிக்னல் விளக்கு). நடப்பவர் பொத்தானை அமுக்கினால் மீலியில் அந்தக் கணமே விளக்கு மாறியது. மூராக்கியதும் ஒரு கிளாக் தள்ளி மாறுகிறது. இரண்டு நிலை கூடுதலாகச் சேர்த்துப் பார்த்தேன், இன்னும் தாமதம்தான். இன்னும் எத்தனை சேர்க்க வேண்டும்?

வெள்ளவத்தி, போர்ட் லூயி

ஒன்றுகூடச் சேர்க்க வேண்டாம் ஐயா, நீங்கள் கேட்பது வேறு கேள்வி. மூரில் உள்ளீடு வந்து, கிளாக் அடித்து, நிலை மாறிய பிறகுதான் வெளியீடு மாறும். ஒரு கிளாக் தள்ளி வருவது அதன் பிறவிக்குணம், நிலையைக் கூட்டினால் போகாது. மாற்றாகப் பொத்தானின் குதிப்பு நேராக விளக்குக்குப் போகாது என்ற ஆதாயம் உண்டு. சேர்த்த இரண்டு நிலையை எடுத்துவிடுங்கள். உள்ளே போக அம்பு இல்லாத நிலையாக இருந்தால் அவை சும்மா கிடக்கும். அவற்றிலிருந்து வெளியே போகிற அம்பைக் கணக்கில் சேர்த்துவிட்டால் இன்னும் கெட்டது, தேவையில்லாமல் வேறொரு நிலையைப் பிரிக்கச் சொல்லும். எண்ணத் தொடங்குவதற்கு முன் போய்ச்சேர முடியாத நிலைகளை வெட்டிவிடுவது என் வழக்கம்.

இரண்டாமாண்டு, ஃபீனிக்ஸ்

டீச்சர், எல்லா நிலையும் பிரிகிற இயந்திரம் உண்டா? பெருக்கல் கணக்கு எங்கேயாவது சரியாக வருமா?

வெள்ளவத்தி, போர்ட் லூயி

வரும். பிட் பிட்டாகக் கூட்டும் தொடர் கூட்டியைப் போட்டுப் பார். மீலியில் இரண்டே நிலை, கையிருப்பு 0 அல்லது 1. கையிருப்பு 0-வில் நிற்கும்போது 0, 0 வந்தால் விடை 0, கையிருப்பு 0. 0, 1 வந்தால் விடை 1, கையிருப்பு அதே 0. ஆக கையிருப்பு 0-க்குள் இரண்டு விடையும் நுழைகிறது. கையிருப்பு 1-க்குள்ளும் அப்படியே: 0-வில் நின்று 1, 1 வந்தால் விடை 0, ஏற்கெனவே 1-இல் நின்று 1, 1 வந்தால் விடை 1. இரண்டும் இரண்டாகப் பிரிந்து 4. ஒரு ஃபிளிப்-ஃபிளாப் இரண்டாகும். அந்த முதல் பையன் இதில் பெருக்கியிருந்தால் முழு மதிப்பெண் வாங்கியிருப்பான்.

இரண்டாமாண்டு, ஃபீனிக்ஸ்

அப்படியானால் மிட்டாய்ப் பெட்டிக்குத் தேர்வில் என்ன எழுதுவது? கூடுதல் 1 என்றா, 2 என்றா? நாணயம் மட்டும் உள்ளீடு என்ற அந்த முதல் அட்டவணைக்குத்தான் கேட்கிறேன்.

கம்பிவேலை, ஜோகன்னஸ்பர்க்

1. முதல் நாணயத்துக்கு முன்னால் மூர் சொல்லும் வெளியீட்டைக் கணக்கில் எடுக்காமல் விடுவதுதான் நான் படித்த வழக்கம். மீலி n உள்ளீட்டுக்கு n வெளியீடு தரும், மூர் n + 1 தரும், முதலாவதைத் தள்ளிவிட்டு ஒப்பிட்டால் இரண்டும் சமம். P-யில் தொடங்கினாலும் சமம்தான்.

கடலோரம், டர்பன்

தாளில் தள்ளிவிடலாம். என் பெட்டி அதைத் தள்ளாமல் மிட்டாயைத் தள்ளுகிறதே! இருக்கிற நிலையில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துத் தப்பிக்கலாமென்றால் அதற்கும் வழியில்லை. A-யில் தொடங்கினால் முதல் ஆளுக்கு 1 ராண்ட் தள்ளுபடி, B-யில் தொடங்கினால் 2 ராண்ட். நான் 2 என்றுதான் எழுதுவேன். பையன்களின் தாளில் எது வந்தாலும், தொடக்கத்தில் என்ன வெளியீடு என்று ஒரு வரி எழுதியிருந்தால் மதிப்பெண் போடுகிறேன்.

வெள்ளவத்தி, போர்ட் லூயி

கேள்வித்தாளில் தொடக்க வெளியீட்டைச் சொல்லாமல் விட்டவரை யார் திருத்துவது என்று தெரியவில்லை. நான் இருபக்கமும் போட்டிருக்கிறேன்.

பெட்டி இப்போது எப்படி ஓடுகிறது தம்பி? S சேர்த்தாயிற்றா?

கடலோரம், டர்பன்

சேர்க்கத்தான் பார்க்கிறோம். இரண்டு ஃபிளிப்-ஃபிளாப்பில் 00, 01, 10, 11 நான்கும் P, Q, A, B-க்குப் போய்விட்டது. ஐந்தாவதுக்கு மூன்றாவது ஃபிளிப்-ஃபிளாப் வேண்டும், பையன்கள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருக்கிறார்கள். S-க்கு 000 என்று வைத்துக்கொண்டால் ரீசெட் கம்பியைத் தொட வேண்டாம் என்பது மட்டும் ஆறுதல். நேற்று ராத்திரியும் கரண்ட் போய் வந்தது. காலையில் தட்டில் ஒன்று கிடந்தது, இந்தத் தடவை நான் எடுத்துக்கொண்டேன்.