அக்குளில் 100.1 ஃபாரன்ஹீட்: செல்சியஸில் எவ்வளவு, இதைக் காய்ச்சல் என்று கொள்ளலாமா?

மாலைத்தென்றல்

வணக்கம். என் மகனுக்கு நான்கு வயது. இன்று மாலை தொட்டுப் பார்த்தபோது உடல் சுட்டது. டிஜிட்டல் தெர்மாமீட்டரை அக்குளில் வைத்தேன், 100.1 °F என்று காட்டியது. மருத்துவமனையில் எங்களுக்குக் கொடுத்த தாளில் "38 °C அல்லது அதற்கு மேல் இருந்தால் தொலைபேசியில் தெரிவிக்கவும்" என்று செல்சியஸில் மட்டுமே எழுதியிருப்பதால், மாற்றிப் பார்க்க உட்கார்ந்தேன். அங்கேதான் குழப்பம் தொடங்கியது.

கைபேசியில் உள்ள கால்குலேட்டரில் 100.1 − 32 × 5 ÷ 9 என்று அடித்தேன், 82.3 என்று வந்தது. மேசையில் வைத்திருக்கும் பழைய கால்குலேட்டரில் அதே பொத்தான்களை அதே வரிசையில் அழுத்தினால் 37.8 வருகிறது. "முப்பதைக் கழித்துப் பாதியாக்கு" என்று அக்கா ஒரு குறுக்குவழி சொன்னார். அதன்படி 35 ஆகிறது. அக்குளில் பார்த்தால் ஒரு டிகிரி கூட்டிக்கொள்ள வேண்டும் என்கிறார் அத்தை, 37.8-உடன் ஒன்றைக் கூட்டினால் 38.8. இவற்றில் எதை நம்புவது? பையன் தண்ணீர் குடிக்கிறான், பேசுகிறான், சற்றுச் சோர்வாக இருக்கிறான். மருந்து இன்னும் எதுவும் கொடுக்கவில்லை.

ஓடக்கரை

37.8 என்பதே சரியான விடை. உடலின் இயல்பான வெப்பம் 98.6, அதைத் தாண்டிய எதுவும் காய்ச்சல்தான். உங்கள் மகனுக்கு ஒன்றரை டிகிரி கூடியிருக்கிறது. அக்குளில் பார்த்ததால் ஒரு டிகிரி கூட்டவும் வேண்டும். எனவே 38.8 என்று மருத்துவமனைக்குச் சொல்லிவிடுங்கள்.

குழந்தைகள் பிரிவுச் செவிலி

மாலைத்தென்றல், முதலில் கணக்கை முடித்துவிடுவோம். உங்கள் இரண்டு கால்குலேட்டர்களும் பழுதானவை அல்ல. கைபேசியில் உள்ளது பெருக்கலையும் வகுத்தலையும் முதலில் செய்துவிட்டுக் கழித்தலைக் கடைசியில் செய்கிறது. அதாவது 32 × 5 ÷ 9 என்பதை 17.8 ஆக்கி, அதை 100.1-லிருந்து கழித்து 82.3 என்று காட்டுகிறது. பழைய மேசைக் கால்குலேட்டர் நீங்கள் அழுத்திய வரிசையிலேயே போவதால், முதலில் 32-ஐக் கழித்துவிட்டது. கைபேசியில் அடைப்புக்குறி போட்டால் அதுவும் சரியான விடையைத்தான் தரும்:

```
(100.1 - 32) × 5 ÷ 9 = 37.83
```

ஆகவே தெர்மாமீட்டர் காட்டிய அளவு 37.8 °C. இதில் சந்தேகம் வேண்டாம்.

உங்கள் அக்கா சொன்ன குறுக்குவழி வானிலைக்குப் பயன்படக்கூடியது. 50 °F-இல் அது மிகச் சரியாக 10 °C என்று காட்டும். அங்கிருந்து மேலே போகப் போகப் பிழை வளரும். உடல்வெப்பத்தின் அளவுக்கு வரும்போது கிட்டத்தட்ட மூன்று டிகிரி செல்சியஸ் குறைத்துக் காட்டும் என்பதால், நல்ல காய்ச்சலில் இருக்கும் குழந்தையைக்கூட உடல் குளிர்ந்துவிட்டதென்று நினைக்க வைத்துவிடும். தயவுசெய்து அதை உடல்வெப்பத்துக்குப் பயன்படுத்தாதீர்கள். மனக்கணக்காக வேண்டுமென்றால், 100.4 °F என்பது 38.0 °C என்ற ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு, அங்கிருந்து ஒவ்வொரு 0.9 °F-க்கும் அரை டிகிரி செல்சியஸ் கூட்டவோ குறைக்கவோ செய்யுங்கள். உங்கள் அளவு 100.4-க்கு 0.3 குறைவு. 0.9-இல் மூன்றில் ஒரு பங்கு அது. ஆகவே செல்சியஸில் சுமார் 0.2 குறையும். அதே 37.8 கிடைத்துவிடுகிறது.

அடுத்து ஓடக்கரை சொன்ன "ஒரு டிகிரி". இந்த இடத்தில்தான் பெற்றோர் பலர் தவறுகிறார்கள். அந்தப் பழைய வழக்கம் ஃபாரன்ஹீட்டில் பேசுவது. அங்கே ஒரு டிகிரி என்றால் செல்சியஸில் அரை டிகிரிக்குச் சற்று அதிகம், அவ்வளவே. செல்சியஸுக்கு மாற்றிய பிறகு முழுதாக ஒன்றைக் கூட்டினால், உண்மையில் 1.8 °F-ஐக் கூட்டியதாகிவிடும். 38.8 என்ற எண் அப்படிப் பிறந்ததுதான். அந்த வழக்கத்தைப் பின்பற்றியே ஆக வேண்டுமென்றாலும் 101.1 °F, அதாவது 38.4 என்றுதான் வரும்.

ஆனால் நான் கூட்டவே வேண்டாம் என்பேன். அக்குளுக்கும் உடலின் உட்பகுதிக்கும் உள்ள வேறுபாடு எல்லாக் குழந்தைகளுக்கும் ஒன்றாக இருப்பதில்லை. ஒரே குழந்தைக்குக்கூட, தோல் குளிர்ந்து காய்ச்சல் ஏறிக்கொண்டிருக்கும் நேரத்தில் ஒன்றாகவும், வியர்த்து இறங்கும் நேரத்தில் வேறொன்றாகவும் இருக்கும். நீங்கள் ஒரு டிகிரியைக் கூட்டிச் சொல்ல, தொலைபேசியில் கேட்பவரும் தம் பங்குக்கு ஒன்றைக் கூட்டிக்கொண்டால், இல்லாத காய்ச்சலுக்கு அலைய நேரிடும். "அக்குளில் 37.8, மாலை இன்ன மணிக்கு, மருந்து கொடுக்கும் முன்" என்று உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

மாலைத்தென்றல்

மிக்க நன்றி, அம்மா. கணக்கு தெளிவாகிவிட்டது. ஆனால் 37.8 என்பது 38-க்குக் கீழே இருக்கிறதே. அப்படியானால் இது காய்ச்சல் இல்லை என்று இருந்துவிடலாமா?

குழந்தைகள் பிரிவுச் செவிலி

அப்படி இருந்துவிட முடியாது. 38.0 என்ற எல்லை உடலின் உள்வெப்பத்தை ஒட்டியது; ஆசனவாயில் வைத்துப் பார்க்கும் அளவுக்கு அது நேராகப் பொருந்தும். அக்குளுக்குத் தாழ்ந்த எல்லையை வைத்துக்கொள்வோர் பலர், சிலர் 37.5 என்பார்கள், சிலர் 37.2-க்கே இறங்குவார்கள். வேறு சில இடங்களில் எங்கே வைத்துப் பார்த்தாலும் 38 என்று ஒரே எண்ணை வைத்திருக்கிறார்கள். உங்கள் தாளில் உள்ள 38 எந்த இடத்து அளவைக் குறிக்கிறது என்று அதிலேயே எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் தொலைபேசியில் முதலில் கேட்க வேண்டியது அதைத்தான். என் கணிப்பில் அக்குளில் 37.8 என்பது லேசான காய்ச்சல். நான்கு வயதுக் குழந்தை தண்ணீர் குடித்துக்கொண்டும் பேசிக்கொண்டும் இருக்கும்போது அந்த எண்ணை மட்டும் பார்த்து அஞ்ச வேண்டியதில்லை. ஒரு மணி நேரத்துக்குப் பிறகு மீண்டும் பாருங்கள். மூச்சு வாங்கினாலோ, எழுப்பியும் விழிக்காமல் துவண்டு கிடந்தாலோ, தண்ணீரை மறுத்தாலோ, எண் என்னவாக இருந்தாலும் காத்திருக்க வேண்டாம்.

இதைப் படிப்பவர்களில் கைக்குழந்தை உள்ளவர்கள் இருக்கலாம் என்பதால் ஒன்றைச் சேர்க்கிறேன். மூன்று மாதம் நிறையாத குழந்தைக்கு 38.0 வந்துவிட்டால், வீட்டில் வைத்துப் பார்க்கலாமா என்ற பேச்சுக்கே இடமில்லை. உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

ஓடக்கரை

செல்சியஸில் ஒன்றைக் கூட்டியது என் பிழை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 98.6 என்பதை எப்படி விட முடியும்? அதைத்தானே எல்லாப் பாடப்புத்தகங்களிலும் படித்தோம்?

கருவி திருத்துநர்

நான் மருத்துவத் துறையைச் சேர்ந்தவன் அல்லன். அளவுகருவிகளைச் சரிபார்க்கும் பணியில் இருக்கிறேன். 98.6-இல் உள்ள அந்தப் புள்ளி ஆறு யாரும் அளந்து கண்டதல்ல. ஜெர்மானிய மருத்துவர் வுண்டர்லிச், ஏராளமான நோயாளிகளின் அக்குளில் வெப்பம் பார்த்து, 1868-இல் வெளியிட்ட நூலில் இயல்பான உடல்வெப்பம் 37 °C என்று முழு எண்ணாகவே சொன்னார். அதை ஃபாரன்ஹீட்டுக்கு மாற்றியபோது 98.6 வந்தது. மாற்றிய எண்ணில் ஒரு தசமப் புள்ளி இருப்பதாலேயே அது பத்தில் ஒரு டிகிரி வரை துல்லியமான கோடு என்று நம் மனத்தில் பதிந்துவிட்டது. நலமாக உள்ளவருக்கும் விடியற்காலையில் தாழ்ந்தும் மாலையில் உயர்ந்தும் அரை டிகிரி செல்சியஸ் அளவுக்கு உடல்வெப்பம் மாறும். மாலையில் 99.0 °F காட்டினால் அதை மட்டும் வைத்துக் காய்ச்சல் என்று சொல்ல முடியாது.

இன்னொன்றும் உண்டு. வீட்டு டிஜிட்டல் தெர்மாமீட்டர்களுக்குப் பெரும்பாலும் 0.1 °C, அதாவது 0.2 °F கூடவோ குறையவோ பிழை அனுமதிக்கப்படுகிறது. கணக்கில் வந்த 37.83-இல் கடைசி 3-க்குப் பொருளில்லை. அதைவிடப் பெரிய பிழை வைக்கும் விதத்தில் நேர்வது: நுனி அக்குளின் குழியில் படாமல் சட்டைத் துணியில் பட்டாலும், கையை உடலோடு ஒட்டி வைக்காவிட்டாலும், எண் தாழ்ந்துவிடும்.

மணல்வீடு

என் அம்மாவுக்கும் இதே சிக்கல். வயது 81. நலமாக இருக்கும்போது வாயில் வைத்துப் பார்த்தால் எப்போதும் 96.8 தான் இருக்கும். இன்று 99.1 காட்டுகிறது, இரண்டு முறை பார்த்தேன். வழக்கமான அளவிலிருந்து எத்தனை டிகிரி செல்சியஸ் ஏறியிருக்கிறது என்று மருத்துவர் கேட்டார். வேறுபாடு 2.3, செவிலி அம்மா சொன்ன வாய்பாட்டில் போட்டால் −16.5 வருகிறது. 99.1 காய்ச்சலில்லை என்பதால் விட்டுவிடலாமா?

கருவி திருத்துநர்

32-ஐக் கழிப்பது, தெர்மாமீட்டர் காட்டும் அளவை மாற்றும்போது மட்டுமே. ஃபாரன்ஹீட்டில் உறைநிலை 32-இல் தொடங்குவதால் அதை நீக்குகிறோம். இரண்டு அளவுகளின் வேறுபாட்டில் அந்த 32 ஏற்கெனவே ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விட்டது. ஆகையால் 2.3-ஐ 5-ஆல் பெருக்கி 9-ஆல் வகுத்தால் போதும், 1.3 °C ஏற்றம். தனித்தனியாக மாற்றியும் சரிபார்க்கலாம்: 96.8 என்பது 36.0, 99.1 என்பது 37.3.

குழந்தைகள் பிரிவுச் செவிலி

மணல்வீடு, தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். முதியோருக்கு அடிப்படை வெப்பமே தாழ்ந்திருப்பதால், கடுமையான தொற்றில்கூட 38-ஐத் தொடாமல் போகலாம். வழக்கமான அளவிலிருந்து 1.1 °C-க்கு மேல் ஏறினாலே முதியோர் இல்லங்களில் அதைக் காய்ச்சலாகக் கொண்டு காரணம் தேடும் வழக்கம் உண்டு. 1.3 ஏறியிருக்கிறது என்பதை மருத்துவரிடம் இன்றே சொல்லுங்கள். பேச்சில் தடுமாற்றமோ உணவில் வெறுப்போ புதிதாகத் தோன்றியிருந்தால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

மாலைத்தென்றல்

ஒன்றேகால் மணி நேரம் கழித்து, சட்டையைக் கழற்றிவிட்டு, கையை அணைத்துப் பிடித்துக்கொண்டு மீண்டும் பார்த்தேன்: 100.8 °F. அடைப்புக்குறியோடு கணக்கிட்டதில் 38.2 வந்தது, 100.4-லிருந்து மனக்கணக்காகப் பார்த்தாலும் அதேதான். "அக்குளில் 38.2, மருந்து கொடுக்கவில்லை" என்று தொலைபேசியில் சொன்னேன். எதையும் கூட்டினீர்களா என்றுதான் முதலில் கேட்டார்கள். இல்லை என்றதும், அவன் எடையைக் கேட்டுப் பாராசிட்டமால் அளவைச் சொல்லி, அவன் படுத்தபடி இருந்தால் மட்டும் கொடுக்கும்படியும், காலையிலும் காய்ச்சல் இருந்தால் அழைத்து வரும்படியும் சொன்னார்கள். தாளில் உள்ள 38 எந்த இடத்துக்கானது என்று கேட்டேன். பதில் சொன்னவருக்கே அது உறுதியாகத் தெரியவில்லை, விசாரித்துச் சொல்வதாகக் கூறியிருக்கிறார்.

ஓடக்கரை

என் வீட்டுத் தெர்மாமீட்டரை அணைத்த நிலையில் பொத்தானை அழுத்திப் பிடித்தபோது, திரையில் F போய் C வந்துவிட்டது. எல்லாக் கருவியிலும் இது இருக்குமா என்று தெரியவில்லை. உங்களுடையதிலும் முயன்று பாருங்கள். அக்குள் அளவில் எதையும் கூட்டக் கூடாது என்பதை மட்டும் என்னால் இன்னும் முழுதாக ஏற்க முடியவில்லை. கூட்டாமல் சொன்னால், எல்லை 38 என்றே வைத்திருக்கும் இடத்தில் உங்கள் முதல் அளவான 37.8-ஐக் கணக்கிலேயே எடுத்திருக்க மாட்டார்களே?

குழந்தைகள் பிரிவுச் செவிலி

அந்தக் கேள்வி நியாயமானது. அதனால்தான் எண்ணோடு "அக்குளில்" என்ற சொல்லையும் சேர்த்தே சொல்லச் சொல்கிறேன். அந்த இடைவெளியை எப்படிக் கணக்கிடுவது என்பதைக் குழந்தையை நேரில் பார்ப்பவரின் பொறுப்பில் விடுகிறேன். என்னோடு பணியாற்றுபவர்களிலேயே இதில் என் கருத்தை ஏற்காதவர்கள் உண்டு.